குருதிக்கு ஓர் அந்தாதி

விஞ்ஞான ஆசிரிய நண்பர் ஒருவர், குருதிச் சுற்றோட்டத்தை மாணவர் மனனஞ் செய்யத்தக்க பாட்டாக்கித் தருமாறு தமிழாசிரியனான என்னைக் கேட்டார். மாணவரிடையே ஏற்கெனவே ஒரு பாட்டு வழங்கிவந்தது: "நாளம் வந்தால் நஞ்சுக் குருதி, நாடி போனால் நல்ல குருதி." மோனை குறைவற அமைந்திருக்கிறது. பொருளோ சுவாசப்பையை அடைந்ததும் பொய்த்துவிடுகிறது. அங்கே ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டு செல்வது நாடி, ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டு வருவது நாளம். மேலும், நாடியையும் நாளத்தையும் இடம் மாற்றிச் சொன்னாலும் மோனை கெடுவதில்லை. பிழையை மறைக்கின்ற ஓசையால் மாணவனுக்கு என்ன பயன்?

ஒழுங்கு பிறழ்ந்தால் பாட்டே அறுந்துவிட வேண்டும். அதற்குரிய கருவி நம்மிடம் நெடுங்காலமாக உண்டு, அதுவே அந்தாதி. நான் எழுதியது இது:

உடல்விட்ட குருதி சேரும் பெருநாளம்;
பெருநாளம் கொட்டும் வலச்சோணை;
வலச்சோணை வாயில் முக்கூர்;
முக்கூர் கடந்தால் வலஇதயம்;
வலஇதயம் உந்தும் சுவாசநாடி;
சுவாசநாடி சேர்க்கும் சுவாசப்பை;
சுவாசப்பை சிவப்பிக்கச் சுவாசநாளம்;
சுவாசநாளம் கொட்டும் இடச்சோணை;
இடச்சோணை வாயில் இருகூர்;
இருகூர் கடந்தால் இடஇதயம்;
இடஇதயம் உந்தும் பெருநாடி;
பெருநாடி பாயும் உடல்.

பண்டிதர்கள் தளை பார்க்க வேண்டாம்! ஈற்றுச் சொல் முதற் சொல்லோடு கூடி மண்டலித்தலை மட்டும் நோக்குக. குருதியும் அவ்வாறே சுற்றுகிறது. முதலடி ஏழாம் அடியோடும், இரண்டாமடி எட்டாம் அடியோடும், இவ்வாறே ஐந்தாமடி வரை, இயைபு கொள்கின்றன. இயையாது நிற்பவை சுவாசப்பையும் உடலும். குருதி நிறம் மாறுவதும் அவ்விரண்டிடங்களிலேதான்.

இணைப்புச் சொற்கள் ஒவ்வொன்றும் வேறுபட்டிருத்தல் இன்றியமையாதது. ஓசைக்காக 'வலச்சோணை' என்பதை வெறும் 'சோணை' எனக் குறுக்கினால், மாணவன் இரண்டாம் அடியிலிருந்து ஒன்பதாம் அடிக்குத் தாவி, சுவாசப்பையையே தொடாமல் உடலுக்கு வந்துவிடுவான். ஓசை அவனைத் தடுக்காது.

பாடம் பதிந்ததா என்பதை அறிய முதலடியிலிருந்து ஒப்புவிக்கச் சொல்லுதல் போதாது. 'சுவாசநாளம்' என்று எடுத்துக் கொடுத்து, அங்கிருந்து சுற்றி மீண்டும் அங்கேயே வரச் செய்ய வேண்டும்.

அதன் பின்னரும் ஒரு வினா எஞ்சும்: "இட இதயவறை சுருங்கும்போது வல இதயவறை என்ன செய்கிறது?" பாட்டை மட்டும் கற்றவன், அது தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்பான். உண்மையில் சோணையறைகள் இரண்டும் ஒருங்கே சுருங்குகின்றன. அடுத்து இதயவறைகள் இரண்டும் ஒருங்கே சுருங்குகின்றன. பாட்டு ஒரு துளிக் குருதியின் வழியைச் சொல்கிறது. இதயத்தின் துடிப்பைச் சொல்லவில்லை. ஆதலால் பாடி முடிந்ததும் இரு கைகளையும் ஒருசேர மூடித் திறக்கச் செய்யுமாறு நண்பரிடம் கூறினேன்.

வகுப்பில் இப்பொழுது அவ்வாறே நடைபெறுகிறது. சத்தம் அதிகம் என்று அயல் வகுப்பு ஆசிரியர் முறையிட்டிருக்கிறார்.