மூன்று பெட்டிகளும் ஒரு மீட்டரும்

கடையில் மூன்றையும் வரிசையாக வைத்திருப்பார்கள். மைக்ரோவேவில் 800 வாட் என்றும், ஏர் ஃப்ரையரிலும் ஓடிஜியிலும் 1500 வாட் என்றும் ஒட்டியிருக்கும். பார்த்தவுடன் மைக்ரோவேவ்தான் சிக்கனம் என்று தோன்றும். ஆனால் அந்த 800 என்பது உணவுக்குள் இறங்குகிற சூடு. அதைக் கொடுக்க அந்தப் பெட்டி சுவரிலிருந்து 1200 வாட்டுக்கு மேல் இழுக்கும். மற்ற இரண்டிலும் இழுக்கிற அளவையே எழுதுகிறார்கள்.

உண்மைக் கணக்கை வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம். அதில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கின் பக்கத்தில் எங்கள் வீட்டில் 3200 imp/kWh என்று இருக்கிறது. 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியதாக அர்த்தம். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏர் ஃப்ரையரை மட்டும் போட்டால், நிமிடத்துக்கு 80 முறை மினுக்கும். சில நிமிடம் கழித்து விளக்கு அப்படியே நின்றுவிடும். பிறகு மறுபடி ஓடும். உள்ளே 180 டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் காயிலை நிறுத்துகிறது, சூடு இறங்கியதும் திரும்பப் போடுகிறது. ஓடிஜியும் இப்படித்தான். ஆகவே ஒட்டியிருக்கும் வாட்டை நேரத்தால் பெருக்கினால் வருவது உச்ச அளவு மட்டுமே.

எங்கள் வீட்டில் மூன்று பேர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு கிண்ணம் சாம்பாரை மைக்ரோவேவில் சூடாக்க இரண்டு நிமிடம் போதும், 0.04 யூனிட் ஆகும். சாம்பாரில் இருக்கும் தண்ணீரையே நேராகச் சூடாக்குவதால் பெட்டியின் காற்றும் சுவரும் சூடாக வேண்டியதில்லை. அதே காரணத்தால்தான் அதில் எதுவும் சிவக்காது. நேற்றைய வடையை வைத்தால் தோல் தளர்ந்து சவசவத்துப் போகும்.

சிவக்க வைக்க ஏர் ஃப்ரையர் வேண்டும். இரண்டு வாழைக்காயைக் கால் அங்குலக் கனத்தில் வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசிறி, கூடையில் ஒரே அடுக்காகப் பரப்புவேன். 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் ஒரு குலுக்கு. மேலிருந்து விசிறி தள்ளுகிற சூடான காற்று ஒவ்வொரு துண்டையும் தொட்டு அதன் ஈரத்தை எடுத்துப்போக வேண்டும். நேரம் மிச்சமென்று மூன்று காயைத் திணித்தால் நடுவில் இருப்பவை வறுபடாது, வேகும். கூடையின் அடியில் ஈரம் முத்துமுத்தாக நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது பாதியை வெளியே எடுத்துவிடுவதுதான் வழி.

பஜ்ஜிக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். எண்ணெயில் விழுந்த மாவு அந்தக் கணமே நாலாபக்கமும் இறுகிவிடும். காற்றில் அது இறுகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் மாவு கூடையின் துளை வழியே வழிந்துவிடும். வாணலிக்கு மாற்று இன்னும் வரவில்லை.

இந்த வாழைக்காய்க்கு ஏர் ஃப்ரையரில் 0.3 யூனிட்டுக்குள் ஆகிறது. ஓடிஜியில் முன்சூட்டுக்கே பத்து நிமிடம், பிறகு இருபத்தைந்து நிமிடம் என்று 0.6 யூனிட் வரை போகும். 28 லிட்டர் பெட்டியையும் அதன் தகரச் சுவரையும் கம்பி அடுக்கையும் சூடாக்கிய பிறகுதான் வாழைக்காயின் முறை வருகிறது. தினமும் செய்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் வித்தியாசம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையும் சேர்ந்து போய்விடுவதால், அந்த விளிம்பில் இருக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் ஓடிஜியை வேண்டாமென்று சொல்லமாட்டேன். கேக்குக்கு ஏர் ஃப்ரையரின் விசிறிக் காற்று அவ்வளவாக உதவாது. நடு வேகுமுன் மேல்தோல் கருகிவிடலாம். மேலும் கீழும் சீராகச் சூடு வேண்டும், உயரமான கேக் டின் நிற்க இடமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக்கை எடுத்த சூட்டோடு பன்னை உள்ளே தள்ளினால் இரண்டாவதற்கு முன்சூட்டுச் செலவு இல்லை. வாரம் ஒருமுறையாவது பேக் செய்கிறவர்களுக்கு அது தேவை. மற்றவர்களுக்கு மேடையில் இடம்தான் அடைபடும். ஒன்றே ஒன்று வாங்க முடியுமென்றால், பொரியல், வறுவல் தினமும் இருக்கிற வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் என்பேன். சாம்பாரைச் சூடாக்க அடுப்பு இருக்கிறது.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது. கடிகார எழுத்துக்காக அது இரண்டு மூன்று வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் மூன்று நான்கு யூனிட். அதைவிட முக்கியம் பிளக். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர்; சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்காது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டைச் சொருகி ஒன்றாக ஓட்டவே கூடாது. சமைத்து முடித்ததும் பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், பிளாஸ்டிக் வாடை வந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாற்றும் வரை அதில் எதையும் போடாதீர்கள்.