வகுப்பாசிரியைக்கு ஒரு கடிதம்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, படிவம் இரண்டில் பயிலும் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு குறிப்பைக் கொண்டு வந்தாள். மூன்று வாரங்களில் அவள் எட்டு நாள் தாமதமாக வந்திருக்கிறாள் என்றும், அதற்கான காரணத்தைப் பெற்றோர் எழுத்து வழி தெரிவிக்க வேண்டும் என்றும் வகுப்பாசிரியை எழுதியிருந்தார். தாமதம் தொடர்ந்தால் அவள் பெயர் கட்டொழுங்கு ஆசிரியரிடம் செல்லும் என்ற வரியும் அதில் இருந்தது. அதற்கும் கீழே, "விசாரித்தபோது, தூங்கிவிட்டதாக மாணவி கூறினார்" என்று இருந்தது.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. என் மகள் ஒவ்வொரு நாளும் 6.20 மணிக்கே சீருடையுடன் வீட்டு வாசலில் நிற்பவள். பள்ளிப் பேருந்தில்தான் செல்கிறாள்.

"ஏன் தூங்கிவிட்டேன் என்று சொன்னாய்?" என்று கேட்டேன்.

அவள் தயங்கினாள். "பேருந்துதான் தாமதம் என்று சொன்னால் பேருந்து அங்கிளை எல்லாரும் திட்டுவார்கள் அம்மா. அவர் நல்லவர். அதனால்தான்..." என்றாள்.

அன்று இரவே கோபத்துடன் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "பேருந்து எப்போதும் தாமதமாகவே வருகிறது. ஓட்டுநர் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறார். என் மகள் மீது எந்தத் தவறும் இல்லை" என்று எழுதினேன். எழுதி முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தேன். பேருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறது? அது எனக்குத் தெரியாது. தாமதம் எங்கே ஏற்படுகிறது? அதுவும் தெரியாது. தெரியாத ஒன்றை 'எப்போதும்' என்ற சொல்லால் மூடி வைத்திருந்தேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஆசிரியைக்கு இரண்டே வரிகளில் பதில் அனுப்பினேன். குறிப்பு கிடைத்தது என்றும், காரணத்தை உறுதி செய்துகொண்டு இரண்டு வாரத்தில் விளக்கமாக எழுதுவதாகவும் தெரிவித்தேன். பிறகு மகளிடம் ஒரு சிறிய குறிப்பேட்டைக் கொடுத்தேன். நாள்தோறும் நான்கு நேரங்களைக் குறித்து வரச் சொன்னேன். பேருந்து வீட்டு வாசலுக்கு வந்த நேரம், அங்கிருந்து புறப்பட்ட நேரம், வழியிலுள்ள தொடக்கப்பள்ளியை விட்டுப் புறப்பட்ட நேரம், அவள் பள்ளி வாயிலை அடைந்த நேரம். அவ்வளவுதான்.

பத்துப் பள்ளி நாள்கள் முடிந்தபின் இருவரும் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தோம். முதல் வரிசையே என்னைத் திகைக்க வைத்தது. பத்து நாளும் பேருந்து 6.25 முதல் 6.27க்குள் எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. என் முதல் கடிதத்தை அனுப்பியிருந்தால், நேரம் தவறாத ஒருவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லியிருப்பேன்.

தாமதம் பிறகுதான் ஏற்பட்டது. பேருந்து முதலில் தொடக்கப்பள்ளிக்குச் சென்று சிறுவர்களை இறக்குகிறது. அங்கிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் பதினைந்து நிமிடப் பயணம். இடைநிலைப்பள்ளியின் வாயில் 7.25க்கு மூடப்படும். ஆகவே, தொடக்கப்பள்ளியை விட்டு 7.10க்குள் புறப்பட்ட நாள்களில் என் மகள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள். 7.10ஐத் தாண்டிய ஆறு நாள்களில் தாமதமானாள்.

சென்ற ஆண்டு இதே பேருந்தில் தாமதமே இல்லையே, இவ்வாண்டு மட்டும் ஏன்? அதைக் கேட்க, ஒரு நாள் பிற்பகலில் ஓட்டுநரைச் சந்தித்தேன்.

"அண்ணே, குறை சொல்ல வரவில்லை. காலையில் எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்" என்றேன்.

"புதுக் குடியிருப்பில் இந்த ஆண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் அம்மா. மூன்று வீட்டிலும் நின்று நின்று போகவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் போய்விடும். எல்லாம் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். அந்த நேரத்தில் இன்னும் இருட்டு. முச்சந்தியில் தனியாக நிற்க வைக்க முடியுமா?" என்றார். மழை நாளில் நிலைமை இன்னும் மோசம் என்றும் சொன்னார். பெற்றோர் கார்கள் தொடக்கப்பள்ளி வாயிலை அடைத்துக்கொள்ளுமாம். சிறுவர்களை வாயிலுக்கு அப்பால் தள்ளி இறக்கிவிட அவருக்கு மனம் வராதாம்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் நாட்டில் சூரியன் உதிக்கும்போது மணி ஏழை ஒட்டிவிடும். அதற்கு முன் சிறு பிள்ளைகளைத் தெருமுனையில் நிறுத்துவது சரியன்று. மூன்று நிறுத்தங்களுக்கு இரண்டிரண்டு நிமிடம் என்றால் ஆறு நிமிடம். சென்ற ஆண்டு பேருந்துக்குக் கையிருப்பாக இருந்த நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அது தீர்ந்துவிட்டது. யாரும் தவறு செய்யாமலே என் மகள் தாமதமாகிக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று வீட்டுப் பெற்றோரிடமும் பேசினேன். புதுக் குடியிருப்பின் பொது மண்டபத்திற்கு முன் விளக்கு வெளிச்சமும் கூரையும் உண்டு. பெற்றோரே பிள்ளைகளை அங்கே அழைத்து வந்து உடன் நின்றால் மூன்று நிறுத்தங்களை ஒன்றாக்கலாம். நான்கு நிமிடம் மிச்சமாகும். இருவர் உடனே ஒப்புக்கொண்டனர். கைக்குழந்தை உள்ள தாய் மட்டும் யோசித்தார். பக்கத்து வீட்டுப் பெற்றோர் அவர் பிள்ளையையும் அழைத்து வருவதாகச் சொன்னபின் அவரும் சம்மதித்தார்.

இப்போதுதான் கடிதம் எழுதும் தகுதி எனக்கு வந்ததாக உணர்ந்தேன். எழுதியதை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"ஆறு நாளும் பேருந்துப் பயணத்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் என்னால்தான் அம்மா. கணிதப் புத்தகத்தை மறந்துவிட்டுத் திரும்ப வீட்டுக்குள் ஓடினேன். பேருந்து நான்கு நிமிடம் எனக்காகக் காத்திருந்தது" என்றாள்.

குறிப்பேட்டைப் பார்த்தேன். அந்த நாளில் பேருந்து 6.25க்கு வந்து 6.29க்குப் புறப்பட்டிருந்தது. தொடக்கப்பள்ளியை விட்டுப் புறப்பட்டது 7.13க்கு. அந்த நான்கு நிமிடம் இல்லையென்றால் 7.09. நேரத்தோடு போயிருக்கலாம். அதை எழுதினால் மற்ற ஐந்து நாள்களையும் ஆசிரியை நம்பாமல் போவாரோ என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கடிதத்தைத் திருத்தினேன். எங்கள் வகுப்பாசிரியை தமிழாசிரியையும் ஆவார். ஆதலால் தமிழிலேயே எழுதினேன். கடிதம் இதுதான்:

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

என் மகளின் தாமத வருகை குறித்துத் தாங்கள் அனுப்பிய குறிப்புக்கு நன்றி. பத்துப் பள்ளி நாள்களின் பயண நேரத்தைக் குறித்து வைத்த பின்னர் இதனை எழுதுகிறேன்.

அப்பத்து நாள்களில் என் மகள் ஆறு நாள் தாமதமாக வந்தாள். பேருந்து எல்லா நாளும் எங்கள் வீட்டுக்கு நேரத்தோடு வந்தது. அது தொடக்கப்பள்ளியை விட்டு 7.10க்குப் பின் புறப்படும் நாள்களில் தங்கள் பள்ளி வாயிலை 7.25க்குள் அடைய இயலவில்லை. இவ்வாண்டு வழியில் மூன்று புதிய நிறுத்தங்கள் சேர்ந்ததே முதன்மைக் காரணம். இரண்டு நாள்களில் மழையும் சேர்ந்துகொண்டது. ஆறாவது நாளின் தாமதத்திற்கு என் மகளே காரணம். மறந்த புத்தகத்தை எடுக்கச் சென்றதால் பேருந்து நான்கு நிமிடம் காத்திருந்தது. நேரக் குறிப்பின் படியை இணைத்துள்ளேன்.

தூங்கிவிட்டதாக அவள் கூறியது உண்மையன்று. ஓட்டுநருக்குத் தொல்லை வரக்கூடாது என்று எண்ணி அவ்வாறு கூறியிருக்கிறாள். அது தவறு என்பதை அவளிடம் எடுத்துரைத்தேன். தங்களிடம் நேரில் வருத்தம் தெரிவிப்பாள்.

வரும் திங்கட்கிழமை முதல் மூன்று நிறுத்தங்களும் ஒன்றாக்கப்படும். இதனால் நான்கு நிமிடம் மிச்சமாகும் என எதிர்பார்க்கிறோம். மழை நாள்களுக்கு இது போதாது. அந்நாள்களில் நானே அவளை அழைத்து வர முயல்வேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தாமதப் பதிவில் உள்ள காரணத்தைத் திருத்தி எழுத வேண்டுகிறேன். தாமதமானவர்கள் வாயிலில் பெயர் பதிந்து, அலுவலகத்தில் சீட்டுப் பெற்று வகுப்பை அடையும்போது முதல் பாடத்தில் ஏறக்குறைய பதினைந்து நிமிடம் போய்விடுகிறது. செவ்வாயும் வியாழனும் அது கணிதப் பாடம். விடுபட்ட குறிப்புகளை ஓய்வு நேரத்தில் தோழியிடமிருந்து எழுதிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். தாமதத்திற்கு விலக்குக் கேட்கவில்லை.

நன்றி.

இக்கண்,
மாணவியின் தாயார்

மூன்றாம் நாள் ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். காவலரின் பதிவேட்டைப் பார்த்ததாகச் சொன்னார். அதே நாள்களில் அதே பேருந்தில் வந்த மேலும் நான்கு மாணவர்களின் பெயர்களும் அதில் இருந்தனவாம். அவர்கள் வேறு வேறு வகுப்பினர். ஆகவே யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. காரணத்தைத் திருத்திவிட்டதாகவும், மற்ற வகுப்பாசிரியர்களிடமும் தெரிவித்துவிட்டதாகவும் கூறினார்.

இதை மகளிடம் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன். ஆனால், "அப்படியென்றால், நான் புத்தகம் எடுக்க ஓடிய நாளில் அந்த நான்கு பேரும் என்னால்தான் தாமதமானார்களா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். மறுநாள் பேருந்தில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னாள். அன்றிலிருந்து புத்தகப்பையை இரவிலேயே அடுக்கி வைக்கிறாள்.

புதிய ஏற்பாட்டின் முதல் இரண்டு வாரங்களில் பேருந்து ஒரே ஒரு நாள்தான் தாமதமானது. அன்று விடியற்காலையிலிருந்தே மழை. என்னாலும் அவளை அழைத்துச் செல்ல முடியவில்லை. மாலையில் வீடு திரும்பியவளிடம், "ஆசிரியை கேட்டாரா?" என்றேன்.

"கேட்டார். 7.16க்குத்தான் தொடக்கப்பள்ளியை விட்டுப் புறப்பட்டோம் என்று சொன்னேன்" என்றாள்.

குறிப்பேடு இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது.