நின்றுபோன படிப்பை மறுபடி தொடர்ந்த கதை

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். பையன் ஆறு மாத சான்றிதழ் படிப்பு முடித்திருக்கிறான், அதை வைத்துப் பட்டப்படிப்புக்குள் போக வழி உண்டா என்று. அதைப் படித்ததும் என் மூத்த மகள் விஷயத்தில் நாங்கள் அலைந்த அலைச்சல் நினைவுக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் நான்கு கறவை மாடுகளும் உண்டு. மகள் பிளஸ் டூ முடித்ததும் பால் பதப்படுத்தும் தொழிலில் பி.வோக். படிப்பில் சேர்ந்தாள். பி.வோக். என்பது தொழிற்கல்விப் பட்டம். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்தது. மூன்று வருஷப் படிப்புதான். ஆனால் மாடிப்படி மாதிரி நடுவே நின்றுகொள்ளலாம். ஒரு வருஷத்தோடு நின்றால் டிப்ளமோ, இரண்டு வருஷத்தில் நின்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். பாதியில் நின்றாலும் கையில் ஒரு காகிதம் இருக்கும் என்றுதான் துணிந்து சேர்த்தேன்.

முதல் வருஷக் கடைசியில் நான் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் அன்று அவளுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை. போகவில்லை. மற்ற எல்லாத் தாளும் எழுதிப் பாஸாகிவிட்டாள். மாடுகளைப் பார்க்க ஆள் இல்லாததால் படிப்பு அத்தோடு நின்றது.

டிப்ளமோ வாங்கிவிட்டால் பக்கத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை கிடைக்கும் என்று கல்லூரிக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயா, பாப்பாவுக்கு 56 கிரெடிட்தான் இருக்கு. 60 வந்தால்தான் டிப்ளமோ" என்றார்.

கிரெடிட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் பால் சொசைட்டி பாஸ்புக் மாதிரிதான் அது. நீங்கள் எத்தனை லிட்டர் கறந்தீர்கள் என்பது கணக்கில்லை, சொசைட்டியில் ஊற்றிப் புத்தகத்தில் ஏறியது எவ்வளவோ அதுதான் கணக்கு. வகுப்பில் ஏறக்குறைய 15 மணி நேரம் படித்து, பரீட்சையிலும் பாஸானால் ஒரு கிரெடிட் ஏறும். நிறுவனத்தில் போய்ப் பயிற்சி எடுத்தால் அதற்குப் பாதி மதிப்பு, அதாவது 30 மணி நேரத்துக்கு ஒன்று. வருஷத்துக்கு 60 கிரெடிட்டில் 36 தொழில் பாடத்துக்கு, 24 மொழி, கம்ப்யூட்டர், கணக்கு போன்ற பொதுப் பாடத்துக்கு.

"பால் பாடம் எல்லாம் பாஸ்தானேங்க, கம்ப்யூட்டர் ஒன்றுதானே?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாதாம். அவள் நவம்பரில் அந்த ஒரு தாளை எழுதினாள். ஜனவரியில்தான் டிப்ளமோ கைக்கு வந்தது. அதுவரை குளிரூட்டும் நிலையத்தில் கேன் கழுவுகிற வேலை. டிப்ளமோவைக் காட்டிய பிறகு கொழுப்பு, எஸ்.என்.எஃப். பார்க்கிற மேசைக்கு மாற்றினார்கள். படியில் நின்று இறங்குவதாக இருந்தால் அந்தப் படியை முழுசாக ஏறிவிட்டு இறங்குங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து நான் நடக்க ஆரம்பித்ததும், "அப்பா, நான் இரண்டாம் வருஷத்தில் சேர்ந்துக்கறேன்" என்றாள். நேராகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பணமும் கட்டிவிட்டோம். அதற்கப்புறம்தான் பாடத்திட்டம் மாறிவிட்டது, முதல் வருஷத்தில் மூன்று தாள் ஒத்துவரவில்லை, 12 கிரெடிட் மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். வயிற்றைக் கலக்கியது.

நல்லவேளையாக அவள் பழைய பாடத்திட்டப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். (நான் அதைக் கடைக்குப் போடச் சொன்னவன்!) அதைக் கொண்டுபோய்த் துறைத் தலைவரிடம் காட்டி, பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அலகாக ஒப்பிட்டார்கள். பால் நுண்ணுயிரியல் தாளுக்குப் பெயர்தான் மாறியிருந்தது, உள்ளே ஏறக்குறைய அதே பாடம். அது தள்ளுபடியானது. மிச்சம் இரண்டு தாள், 8 கிரெடிட். அவற்றை இரண்டாம் வருஷப் பாடங்களோடு சேர்த்து எழுதினாள். அந்த வருஷம் அவள் தூங்கியதே குறைவு. பணம் கட்டுவதற்கு முன்பே 'என் கிரெடிட்டில் எத்தனை ஏற்றுக்கொள்கிறீர்கள்' என்று எழுத்தில் கேட்டிருந்தால் ஒரு மாதமாவது முன்னால் தெரிந்திருக்கும்.

நிலையத்தில் பார்த்த வேலைக்குக் கிரெடிட் தருவார்களா என்றும் கேட்டோம். தரவில்லை. கல்லூரியின் கணக்கில் ஏறாத நாள் அது. ஆனால் இரண்டாம் வருஷப் பயிற்சியை அதே நிலையத்தில் செய்ய அனுமதித்தார்கள். 4 கிரெடிட்டுக்கு 120 மணி நேரம். நாள் எட்டு மணி நேரமாகப் பதினைந்து நாளில், தினமும் கையெழுத்து வாங்கிய குறிப்பேட்டோடு முடித்தாள்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பையனின் சான்றிதழோடு கொடுத்த மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள் அம்மா. அதில் பல்கலைக்கழகத்தின் பெயர், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எண், பக்கத்தில் கிரெடிட் என்று ஒரு கட்டம் இருக்கிறதா? பி.வோக். நடத்துகிற கல்லூரியின் ஆறு மாதச் சான்றிதழ் என்றால் அதில் 30 கிரெடிட் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதே கல்லூரியில், அதே தொழிலின் டிப்ளமோவில் மீதி பாதியை மட்டும் படிக்கக் கேட்கலாம். 'வெற்றிகரமாகப் பயிற்சி முடித்தார்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் அது திறமைக்கான அத்தாட்சி, பட்டத்தில் கூட்டிக்கொள்ள முடியாது. வேளாண் அறிவியல் நிலையத்தில் ஐந்து நாள் காளான் பயிற்சி எடுத்து நானும் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அந்தக் காகிதம் கொட்டகை போட உதவியது. அவ்வளவுதான் அதன் வேலை.

பையன் வேறு கல்லூரிக்கு மாறுவதாக இருந்தால் கல்விக் கிரெடிட் வங்கி என்று ஒன்று இருக்கிறது. 12 இலக்க எண் கொடுப்பார்கள், டிஜிலாக்கர் மூலமாகவே எடுக்கலாம். எண் எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். படித்த இடத்தில் இருந்து அவன் கிரெடிட்டை அதில் ஏற்றியிருக்கிறார்களா என்று திறந்து பார்க்க வேண்டும். என் மகளுக்கு முதல் வருஷம் ஏறவே இல்லை, இரண்டு முறை கடிதம் கொடுத்த பிறகுதான் ஏற்றினார்கள். அதில் சேர்ந்த கிரெடிட்டுக்கு அதிகபட்சம் ஏழு வருஷம்தான் ஆயுள். புதிய கல்லூரியும் இடம் இருந்து, பாடம் ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பி.வோக். முழுப் பட்டம்தான், 'ஏதாவது ஒரு பட்டம்' என்று கேட்கிற தேர்வுகளுக்கு எழுதலாம். ஆனால் பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும், கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிற வேலைக்கு இது ஆகாது. எங்கள் உறவுக்காரர் ஒருவர் வேளாண் அலுவலர் ஆக்கலாம் என்று மகனைச் சேர்த்துவிட்டு, மூன்றாம் வருஷத்தில் விஷயம் தெரிந்து உட்கார்ந்துவிட்டார்.

என் மகள் இப்போது மூன்றாம் வருஷம். பனீர் கட்டும்போது வெளியேறுகிற மோர்த் தண்ணீரை என்ன செய்யலாம் என்பதுதான் அவளுடைய புராஜெக்ட். போன வாரம் ஒரு கேன் கொண்டுவந்து எங்கள் மாட்டுத் தீவனத்தில் கலந்து பார்த்தாள். ஒரு மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, மற்ற மூன்றும் குடித்தன.