எட்டுத் தட்டும் பன்னிரண்டு டப்பாவும்



என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் கேட்டாள். "டீச்சர், வளையலை அடகு வைத்து மைக்ரோகிரீன்ஸ் போட ரேக்கும் விளக்கும் வாங்கலாம் என்று இருக்கிறேன். மாதம் 20,000 வருமாமே?" லாஸ்பேட்டை ஃபிளாட் பால்கனியில் இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். அதனால் கணக்கை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் போடுவது பெரும்பாலும் முள்ளங்கி. பத்துக்கு இருபது அங்குலத் தட்டில் தேங்காய் நார்க்கழிவை ஓர் அங்குலம் பரப்பி நனைத்து, 30 கிராம் விதையை நெருக்கமாகத் தூவுவேன். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் செங்கல் வைத்து இரண்டு மூன்று நாள் இருட்டில் விட வேண்டும். பிறகு வெளிச்சம், அடியிலிருந்து தண்ணீர். எட்டாம் நாள் முதல் இரண்டு இலையும் விரிந்ததும் கத்தரிக்கோலால் வெட்டலாம். ஒரு தட்டில் சுமார் 200 கிராம், அதாவது 50 கிராம் டப்பா நான்கு.

விதைக்கு 25 ரூபாய், நார்க்கழிவுக்கு 15, டப்பாவுக்கு 20 என்று ஒரு தட்டுக்கு 60 ரூபாய் செலவாகிறது. என் ரேக்கில் எட்டுத் தட்டு நிற்கும். எட்டும் போட்டால் வாரம் 32 டப்பா. இடம் இருக்கிறது, வாங்க ஆள்தான் இல்லை. ஒயிட் டவுனில் ஒரு கஃபே வார இறுதிக் கூட்டத்துக்காக எட்டு டப்பா எடுக்கிறது, டப்பா 60 ரூபாய்க்கு. எங்கள் குடியிருப்பில் நான்கு வீடு 80 ரூபாய் கொடுக்கிறது. அதனால் மூன்று தட்டுதான் போடுகிறேன். 800 ரூபாய் வரவில் 180 போக 620 மிச்சம். மாதம் சுமார் 2,500. வெட்டியது ஃபிரிட்ஜில் ஐந்து நாள்தான் நன்றாக இருக்கும். விற்காததை நாமே தோசையில் போட்டுத் தின்ன வேண்டியதுதான்! ஆகவே வெள்ளிக்கிழமை கொடுக்க, முந்தின வியாழன் விதைக்கிறேன். ஆர்டர் இல்லாமல் விதைப்பதில்லை.

பால்கனி வெளிச்சமே போதும், விளக்கு வேண்டியதில்லை. மொட்டை மாடி வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் ஒரே மதியத்தில் துவண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை வரும். மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே பயப்படாதீர்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேர்த்தூவி என்றால் படிந்து மறைந்துவிடும். சிலந்தி வலை போலத் தண்டுக்குத் தண்டு தாவி, நாற்றமும் அடித்தால் பூஞ்சை. அந்தத் தட்டை அப்படியே கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் நான் விதையை 25 கிராமாகக் குறைத்து, ஃபேன் காற்றுப் படும்படி வைக்கிறேன்.

இன்னொன்று. உரக்கடையில் விற்கும் விதையில் பல பாக்கெட்டுகள் இளஞ்சிவப்பாக இருக்கும். அது விதைநேர்த்தி செய்த பூஞ்சைக்கொல்லி மருந்து. தோட்டத்தில் நட அது சரி. எட்டு நாளில் வெட்டித் தின்ன ஆகாது. மருந்து கலக்காத விதையா என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடுதலாக இருந்தாலும்.