ஏற்புரை

எங்கள் அலுவலகத்தில் பணி நிறைவு விழா, மாதத்தின் கடைசி வேலை நாளில் மாலை நான்கு மணிக்கு நடக்கும். மாலை, சால்வை, பாராட்டுரைகள் எல்லாம் முடிந்த பிறகு ஓய்வு பெறுபவர் ஏற்புரை ஆற்ற வேண்டும். 37 ஆண்டுகளில் நிறைய ஏற்புரைகளைக் கேட்டிருக்கிறேன். ஆண்கள் பலர் கிராமத்துப் பள்ளியில் தொடங்கி, தேர்வாணையத் தேர்வு, முதல் பணியிடம், மாறுதல்கள் என்று முக்கால் மணி நேரம் பேசுவார்கள். பெண்கள் பலர், "எல்லாருக்கும் நன்றி. யார் மனசையாவது புண்படுத்தியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

2025-ல் என் முறை வந்தது. மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். இத்தனை காலம் பேசாததையெல்லாம் பேசிவிடுவது என்று நான்கு பக்கம் எழுதினேன். இரவு சமையலறையில் மகளிடம் வாசித்துக் காட்டினேன். பதினான்கு நிமிடம் ஆனது. "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இதுல நன்றி எங்க இருக்கு?" என்றாள்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நான்' என்று தொடங்கிய வரிகளுக்குக் கீழே கோடு போட்டேன். ஏறக்குறைய எல்லா வரிகளுக்குக் கீழும் கோடு விழுந்தது. நன்றி சொல்லும் வரியில் செயலைச் செய்தவர் வேறொருவராக இருக்க வேண்டும். என் வரிகளிலோ எல்லாவற்றையும் செய்தவளும் பட்டவளும் நானே.

எடுத்துக்காட்டாக ஒரு பத்தி. 1991-ல் மகள் பிறந்தாள். மகப்பேறு விடுப்பு அப்போது 90 நாள்தான். இப்போது போல 365 நாள் இல்லை. மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியது, பேருந்து நெரிசல், வீட்டில் கேட்ட பேச்சு என எட்டு வரி எழுதியிருந்தேன். தட்டச்சர் அக்கா கடைசியில் அரை வரியில் வந்து போனார். எட்டு வரியையும் அடித்துவிட்டு அக்காவை முன்னால் கொண்டுவந்தேன்:

"1991-ல் தினமும் மதியம், ரெக்கார்டு ரூம் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருப்பாங்க. உள்ளே நான் பால் பீய்ச்சி முடிக்கிறவரைக்கும் யாரையும் விட மாட்டாங்க. அக்கா, நன்றி."

என் கதை அதற்குள்ளேயே இருந்தது. தனியாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மேடையில் கணவரும் அதிகாரியும் அமர்ந்திருக்க, ஒலிபெருக்கியில் பால் என்று சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். 'உதவி செய்தார்' என்று மாற்றிப் பார்த்தேன். அந்தச் சொல்லில் அக்காவும் இல்லை, நாற்காலியும் இல்லை. பழையபடியே வைத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டு நன்றிகளும் இதே அளவுதான். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று கோப்பைத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பிய கண்காணிப்பாளர் ஐயாவுக்கு ஒன்று. ஐம்பது வயதில் கணினி கற்றுக்கொண்ட எனக்கு, ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டும் சிரிக்காமல் பதில் சொன்ன இளநிலை உதவியாளர் பெண்ணுக்கு ஒன்று. அதிகாரி முதல் இரவுக்காவலர் வரை பதவி வாரியாக நன்றி சொன்னால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடும். அதனால் "பெயர் சொல்லாதவங்க செய்ததும் எனக்குத் தெரியும்; போகிறதுக்குள்ள ஒவ்வொருத்தர் மேசைக்கும் வருவேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். சொன்னபடி போகவும் செய்தேன்.

காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பார்க்கப் போக அனுமதி மறுத்த ஒரு மேலதிகாரி முதல் வரைவில் அரைப் பக்கம் இருந்தார். அவரை எடுத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று பொருளில்லை. என்னிடம் இருந்தது மூன்று நிமிடம். அதில் அவருக்கு இடம் தர மனமில்லை.

சுருக்கமாகப் பேசு என்று பெண்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழக்கப்பட்ட ஊர் இது. நானும் அதற்குத்தான் பணிந்துவிட்டேனோ என்ற உறுத்தல் கடைசிவரை இருந்தது. பேசி முடித்ததும் "அவ்வளவுதானா மேடம்?" என்றார் அதிகாரி. "அவ்வளவுதான் சார்" என்றேன். உறுத்தல் போய்விட்டிருந்தது. சொல்லாமல் விட்டதை எதுவென்று அறிந்து விட்டிருந்தேன். சொல்லவிடாமல் யாரும் தடுக்கவில்லை.

அக்கா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே நீ அழுதது வெளியே கேக்கும்டி. அதைச் சொல்லலையே நீ."

"உங்களுக்குத்தான் தெரியுமேக்கா" என்றேன்.