இரண்டு மடங்கும் ஒரு நாளும்

“கொன்ட்ராக்டில எத்தினை நாளைக்கு முன்னம் லீவு கேக்கோணும் எண்டு ஒண்டுமே போடேல்லை மச்சான். மனேஜர் ஆறு கிழமை எண்டுறார்.” லண்டனில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் என் மச்சானின் குரலில் பதற்றம் தெரிந்தது. ஆகஸ்ட் 17 முதல் பத்து நாள் லீவில் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும். அப்போது ஜூலை நடுப்பகுதி.

அந்த ஆறு கிழமை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். ஒப்பந்தத்திலும் இல்லை, ஊழியர் கைநூலிலும் இல்லை. அது மனேஜரின் வழக்கம் மட்டுமே.

அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது? சம்பளத்தோடு லீவு பெறும் பொதுவான சட்ட உரிமையே பிரிட்டனுக்குப் புதியது. 1993இல் ஐரோப்பிய ஒன்றியம் வேலைநேர ஆணையைக் கொண்டுவந்து, ஆண்டுக்கு நான்கு கிழமை லீவு என்றது. பிரிட்டன் அரசு அதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் போனது. 1996 நவம்பரில் தோற்றது. அடுத்து வந்த அரசு இயற்றிய வேலைநேர விதிகள் 1998 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஆணையில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற கணக்கே இல்லை. அதை ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டிருந்தார்கள். லண்டனில் எழுதப்பட்ட 15ஆம் விதியில்தான் நான் தேடிய கணக்கு இருந்தது.

கேட்கும் லீவு எத்தனை நாளோ, அதைப்போல இரண்டு மடங்கு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அரசின் வழிகாட்டி அதோடு ஒரு நாளைக் கூட்டிக் கணக்கிடுகிறது. ஒரு நாள் லீவுக்கு மூன்று நாள். மச்சானின் பத்து நாளுக்கு இருபத்தொரு நாள், அதாவது ஜூலை 27. அவனுக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் கையில் இருந்தது.

மனேஜருக்கும் கெடு உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மறுப்பதென்றால் லீவு எத்தனை நாளோ அத்தனை நாளும் ஒரு நாளும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மச்சானின் கணக்கில் அது ஆகஸ்ட் 6. அந்த நாள் தாண்டிய பிறகு வரும் மறுப்பு, விதிப்படி பிந்திய மறுப்பு.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் வேறு கெடு எழுதியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, எழுதியதுதான் செல்லும். அதனால் முதலில் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கச் சொன்னேன். பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அதற்குத் தனிச் சட்ட உரிமை உண்டு, சம்பளம் தர முதலாளிக்குக் கட்டாயம் இல்லை, காரணத்தை இயன்றளவு விரைவில் சொன்னால் போதும்.

மச்சான் அன்றிரவே தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறித்து மின்னஞ்சல் அனுப்பினான். வாயால் சொன்னாலும் விதி ஏற்கும், ஆனால் தகராறு வந்தால் நாளைக் காட்ட எழுத்து வேண்டும். உங்கள் ஒப்பந்தத்திலும் கெடு இல்லையென்றால், அனுப்பிய திகதி தெரியும்படி எழுதியே கேளுங்கள். பதில் வரும்வரை விமானச் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.