விலையை எப்போது சொல்வது?

தங்கையின் கைத்தறிக் குழந்தை உடைகளுக்காக, விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே இன்ஸ்டாவில் ஸ்டோரி போடத் தொடங்கினோம். முதல் வாரம் தறியில் ஓடும் நாடாவும் காயும் நூலும்தான். பொருள் என்னவென்று மூச்சு விடவில்லை.

ஸ்டோரியில் வைத்த கவுண்ட்டவுன் ஸ்டிக்கரைத் தட்டியவர்களுக்கு நேரம் வந்ததும் நினைவூட்டல் போகும். ஆனால் அவர்களின் எண் நம் கைக்கு வராது, ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் காத்திருப்போர் பட்டியலுக்குத் தனிப் படிவம் வைத்தோம்: பெயர், வாட்ஸ்அப் எண், குழந்தையின் வயது. எந்த அளவில் எத்தனை தைக்கலாம் என்பதை அந்த வயதே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் வாரம் பிறந்ததும் விலையைப் போட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். விலை தெரியாமல் சேர்ந்த பட்டியல் நீளமாக இருக்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது. சொன்ன பிறகும் பெயர்கள் வந்தால் நம்பித் தைக்கலாம். பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒருநாள் முன்னதாகவே வாங்கும் லிங்க் போகிறது. அதுகூட இல்லையென்றால் அவர்கள் எதற்குக் காத்திருக்க வேண்டுமாம்?